ட்ரையரின் தேய்மானம்: முறை மாறினால் விகிதமும் மாறணுமா?

மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலை, பிரைவேட் லிமிடெட். நெல் உலர்த்தும் ட்ரையர் ஒன்றின் கணக்கில் நிலைச் சொத்துப் பதிவேடு மாட்டிக்கொண்டு நிற்கிறது.

விலை 12,00,000. பயன்பாட்டுக்கு வந்தது 1-10-2021. ஆயுள் 15 வருடம், எஞ்சிய மதிப்பு 5%, அதாவது 60,000. 31-3-2024 வரை நேர்கோட்டு முறை, வருடத்துக்கு 76,000. முதல் வருடம் மட்டும் 182 நாளுக்கு 37,896. ஆக புத்தக மதிப்பு 10,10,104. 1-4-2024 முதல் குறைந்து செல் மதிப்பு முறைக்கு மாறுகிறோம்.

முதலில் 2021-லிருந்தே புதிய முறையில் போட்டுப் பார்த்தோம்; மதிப்பு 7,32,268-க்கு இறங்கியது. ஆனால் இப்போதைய ஏஎஸ் 10-படி முறை மாற்றம் என்பது மதிப்பீட்டு மாற்றம்தான், பழைய வருடங்களைத் தொடக்கூடாது. அதனால் அதை விட்டுவிட்டோம்.

அடுத்து 10,10,104 மேல் 18.10% போட்டோம், 15 வருட ஆயுளுக்கு எல்லோரும் போடும் விகிதம். 2024-25 தேய்மானம் 1,82,829. ஆனால் மீதி 12.5 வருடம் ஓட்டினால் கடைசியில் 60,000 வரவில்லை, சுமார் 83,000 நிற்கிறது. அந்த விகிதம் முழு விலையிலிருந்து 15 வருடம் இறங்குவதற்கானது, அதனால்தான்.

மீதி ஆயுளுக்கு எக்செலில் இப்படிப் போட்டால் 20.22% வருகிறது:

```
=1-(60000/1010104)^(1/12.5)
```

தேய்மானம் சுமார் 2,04,200. எஞ்சிய மதிப்பும் சரியாக 60,000-ல் நிற்கிறது. ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் 18.10%-தான் கேட்கிறார்கள்.

இப்படி முறை மாற்றியவர்கள் பதிவேட்டில் எந்த விகிதம் போட்டீர்கள், 20.22-ஆ, 18.10-ஆ?