title, h1 இரண்டுக்கும் ‘தலைப்பு’ என்றால் எப்படி?

செந்தில்:
வணக்கம். சிங்கப்பூர் அங் மோ கியோவில் சனிக்கிழமைதோறும் மூத்தோருக்கு இணையப் பக்கம் எழுதச் சொல்லித் தருகிறேன். பாடக் குறிப்பு வெள்ளிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். HTML-இல் பக்கத்துக்குப் பெயர் வைக்கும் title, பக்கத்துக்குள் மேலே பெரிதாகத் தெரியும் h1 இரண்டையும் ‘தலைப்பு’ என்றே எழுதி வைத்திருந்தேன். போன வாரம் ஒரு மாமா, “தலைப்பை மாற்றிவிட்டேன், பக்கத்தில் ஒன்றும் மாறவில்லையே” என்று அரை மணி நேரம் திணறினார். அவர் மாற்றியது title-ஐ. தனித்தனிச் சொல் தாருங்கள்.

ராஜூ:
title கண்ணுக்குத் தெரியாதது. ‘மறைதலைப்பு’ என்று வையுங்கள், முடிந்தது. இரண்டிலும் ஒரே வாசகத்தைப் போடச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

மல்லிகா:
ராஜூ அண்ணே, பக்கத்துக்குள் தெரியாது என்பது சரி. வெளியே தெரிவது அதுதானே. உலாவியின் டேப், புக்மார்க், பார்த்த பக்கங்களின் பட்டியல், எல்லாவற்றிலும் title-தான். பார்வையற்றவர் பக்கத்தைத் திறந்ததும் திரைவாசிப்பான் பெரும்பாலும் முதலில் சொல்வதும் அதைத்தான்.

ஒரே வாசகம் ஏன் போதாது என்பதற்கு எங்கள் மன்றத்தின் பொங்கல் விழாப் பக்கத்தைச் சொல்கிறேன். உள்ளே வந்தவருக்கு மேலே விழாவின் பெயர், சின்னம் எல்லாம் தெரியும். அதனால் h1 ‘நிகழ்ச்சி நிரல்’ என்றாலே போதும். அதே இரண்டு சொல் மட்டும் புக்மார்க்கில் இருந்தால்? மூன்று மாதம் கழித்து எந்த நிகழ்ச்சி, யாருடைய நிரல் என்று யாருக்குத் தெரியும்? title தனியாக நின்று பேச வேண்டும்:

```html
<title>நிகழ்ச்சி நிரல் – பொங்கல் விழா – தமிழ் மன்றம்</title>

<h1>நிகழ்ச்சி நிரல்</h1>
```

முதலில் நாங்கள் தலைகீழாக, மன்றத்தின் பெயரை முன்னால் வைத்திருந்தோம். ஐந்து பக்கத்தைத் திறந்தால் ஐந்து டேப்பிலும் ‘தமிழ் மன்…’ என்று வெட்டுப்பட்டு நின்றது. வேறுபடும் சொல் முதலில் வர வேண்டும்.

ஞானம்:
அன்பர்களே, ‘தலைப்பு’ என்பதே சேலையிலிருந்து வந்ததுதானே? சேலைத் தலைப்பு முந்தானை, அதாவது துணியின் ஓரம். சிராங்கூன் ரோட்டுக் கடையில் மடித்து அடுக்கிய சேலையில் கரை மட்டும்தான் வெளியே தெரியும். விரித்தால்தான் தலைப்பு. ஆகவே title ‘கரைப்பெயர்’, h1 ‘தலைப்பு’. நன்னூல் பாயிரத்துக்குச் சொல்லும் பெயர்களில் ‘புறவுரை’யும் ஒன்று. அந்த வழியில் ‘புறப்பெயர்’ என்றாலும் தகும்.

செந்தில்:
ஐயா, தலைப்புக்குத் ‘தலை’தான் வேர் என்று நினைக்கிறேன், சேலைக்கும் அங்கிருந்தே போயிருக்கும். கரைப்பெயர் என்றால் என் வகுப்பில் ஈஸ்ட் கோஸ்டைச் சொல்வார்கள். புறம் என்றதும் போரும் வீரமும் வந்து நிற்கும். ‘சுட்டுப்பெயர்’ எப்படி?

ஞானம்:
அவன், இவன், அது, இது. எட்டாம் வகுப்பு இலக்கணம், தம்பி.

வேணி:
எனக்கு வேறு தொல்லை. title-ஐ மாற்றிய பிறகும் வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் பழையதே வருகிறது. அதற்கு என்ன சொல்?

மல்லிகா:
அக்கா, அது பெரும்பாலும் `og:title`, மூன்றாவது ஆள். அதையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் பழையதே வந்தால், முன்பு எடுத்து வைத்திருந்ததைக் காட்டுகிறது. இந்த இழையில் அதை நுழைக்க வேண்டாம்.

செந்தில், வேண்டுமென்றே மாற்றும் இன்னொரு இடத்தையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். பதிவுப் படிவத்தில் கைப்பேசி எண்ணை விட்டுவிட்டு அனுப்பினால் பக்கம் மறுபடி ஏறும். title அதேதான் என்றால், திரைவாசிப்பானில் கேட்பவருக்குப் படிவம் போனதா இல்லையா என்றே தெரியாது. அப்போது h1-ஐத் தொடாமல் title-இன் முன்னால் மட்டும் ‘பிழை:’ என்று சேர்ப்போம். காதில் முதலில் விழுவது அதுவாக இருக்கும்.

ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி பேசக் கூடாது. title-இல் ‘இலவச அனுமதி’, h1-இல் ‘நுழைவுச்சீட்டு வாங்க’ என்று இருந்தால், சொடுக்கி வந்தவர் தப்பான பக்கம் என்று திரும்பிவிடுவார். கூகுளும் நாம் எழுதிய title-ஐ விட்டுவிட்டு h1-ஐயே முடிவுகளில் காட்டலாம்.

ராஜூ:
சரி, மறைதலைப்பைத் திரும்பப் பெறுகிறேன். ‘டைட்டில்’ என்றே எழுதினால் என்ன? மூத்தோருக்கு அதுதான் புரியும்.

ஞானம்:
படத்துக்கு டைட்டில் ஓடும்போது எழுந்து போகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அந்தச் சொல் வேண்டாம்.

செந்தில்:
நாளை வெள்ளி. title ‘பக்கப்பெயர்’, h1 ‘முதன்மைத் தலைப்பு’ என்று அனுப்புகிறேன். மல்லிகாவும் வேணி அக்காவும் சரி என்றார்கள், ராஜூ அண்ணன் பதில் போடவில்லை.

ஞானம்:
பக்கப்பெயர் என்றால் பக்கத்தின் பெயரா, பக்கத்தில் நிற்கும் பெயரா? அச்சுக்குப் போகட்டும். ‘கரைப்பெயர்’ பற்றித் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.