டேஷ்போர்டு ஒரு கணக்கு, கல்லா ஒரு கணக்கு, கொஞ்சம் உதவுங்க

வணக்கம் அண்ணா, அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ரோட்டுல சின்ன சாமான் கடை வச்சிருக்கேன். போன சனிக்கிழமை கடை மூடறப்போ எடுத்த கல்லா ரிப்போர்ட்ல 2,115 வெள்ளி, ஆனா போன்ல பாக்குற டேஷ்போர்டுல 1,840. 275 வெள்ளி எங்க போச்சுன்னு ராத்திரி தூக்கமே இல்ல, கல்லாவுல நிக்கிற பிள்ளைய வேற சந்தேகப்பட்டுட்டேன், அது இன்னும் மனச அறுக்குது.

அப்புறம் பில்ல ஒன்னொன்னா பாத்தா, காலைல 7:10க்குப் போட்டது டேஷ்போர்டுல முதல் நாள் ராத்திரி 23:10னு நிக்குது. அது UTC நேரமாம், நம்மளவிட 8 மணி நேரம் பின்னாடி, அதனால அதுக்கு நாள் பொறக்குறதே நம்ம காலை 8 மணிக்குத்தான். சனிக்கிழமை பெரட்டுக்குப் போறவங்க 8க்கு முன்ன ரொட்டி, பசியாற சாமான்னு வாங்குன 410 வெள்ளி முந்தின நாள் கணக்குக்குப் போயிருச்சு, ஞாயிறு காலை 135 சனியில சேந்துருச்சு. கழிச்சுக் கூட்டுனா சரியா 1,840.

செட்டிங்ல Asia/Kuala_Lumpurனு மாத்தப் போறேன். மாத்துனா பழைய மாச ரிப்போர்ட்டும் திருந்தி வருமா, இல்ல இன்னைலருந்து மட்டுமா? அந்தக் கணக்க நம்பித்தான் கிழமைக்கு எத்தன ரொட்டின்னு ஆர்டர் போட்டுட்டு இருந்தேன். மாத்திப் பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.