நோட்டீஸ் 90 நாளா, 30 நாளா: புரொஃபைலில் எதைப் போடுவது?

கோவைத் தம்பி: ராஜினாமா கொடுத்தால் எனக்கு நோட்டீஸ் 90 நாள். மீதி நாளுக்குப் பணம் கட்டினால் 30 நாளில் விடுவார்கள் என்று நண்பர்கள் சொன்னதால் நௌக்ரி வேலைத் தளத்தில் 1 Month என்று மாற்றினேன். போன் ஓயவில்லை. 90 போடுகிறவர்கள் தங்களுக்கே குழி வெட்டிக்கொள்கிறார்கள்.

வேளச்சேரி அக்கா: தம்பி, இப்போதைய கம்பெனி கொடுத்த ஆஃபர் லெட்டரை எடுத்துப் படித்தீர்களா? பணம் கட்டிக் கிளம்புவது பெரும்பாலும் நிர்வாகம் ஒத்துக்கொண்டால்தான். நண்பர்களா கையெழுத்துப் போட்டு அனுப்புவார்கள்?

கோவைத் தம்பி: 90 என்று பார்த்ததும் வடிகட்டித் தள்ளுவது உங்களைப் போன்ற ஹெச்ஆர்தானே! பிறகு எங்களுக்கு நேர்மைப் பாடம் வேறு.

வேளச்சேரி அக்கா: வடிகட்டுகிறோம், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த ஒன்றைக் கேளுங்கள். ஒருவர் உங்களைப் போலவே 1 Month போட்டிருந்தார். மார்ச் 3 ராஜினாமா கொடுத்தார். ஏப்ரல் 2 சேருவார் என்று குறித்துக்கொண்டோம். அவருடைய மேனேஜர் விடவே இல்லை, கடைசி வேலை நாள் மே 31 என்று வந்துவிட்டது. கிளையன்ட் காத்திருக்கவில்லை, ஆஃபர் ரத்து. இங்கேயும் இல்லை, அங்கேயும் ராஜினாமா கொடுத்தாயிற்று.

பழைய பெருங்களத்தூர்: மே 31 தப்பு. ராஜினாமா கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜூன் 1.

வேளச்சேரி அக்கா: சேர்க்கிற கம்பெனியும் உண்டு சார். ஹெச்ஆர் போர்ட்டல் காட்டுகிற தேதிதான் செல்லும்.

பழைய பெருங்களத்தூர்: முப்பது வருட சர்வீஸ் எனக்கு. ஜூன் 1தான்.

நெல்லை மீனா: நான் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டேன், இன்னும் 41 நாள் இருக்கிறது. 2 Months போடலாமா?

வேளச்சேரி அக்கா: வேண்டாம் மீனா. Serving Notice Period தேர்ந்தெடுத்துக் கடைசி வேலை நாளைப் போடுங்கள். ரெக்ரூட்டருக்கு எழுதும்போதும் அதே தேதி, சேரக்கூடியது அதற்கு அடுத்த வேலை நாள். தம்பி நிலைமை வேறு. ராஜினாமாவே கொடுக்காதவர் ஜூலை 1 சேர்வேன் என்று எழுதக் கூடாது. ஆஃபர் மூன்று வாரம் தள்ளினால் அந்தத் தேதியும் மூன்று வாரம் தள்ளும். "ஆஃபரை ஏற்று ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து 90 நாள். குறைக்கக் கேட்டுப் பார்ப்பேன், உறுதி சொல்ல முடியாது" என்று எழுதினால் போதும்.

கோவைத் தம்பி: அப்படி எழுதினால் பதிலே வராது. போன மாதம் உங்கள் ஆள் ஒருவர் மூன்று ரவுண்டு எடுத்துவிட்டுக் காணாமல் போனார். அவர் எந்தத் தேதி சொன்னார்?

வேளச்சேரி அக்கா: அவர் என் ஆள் இல்லை. ஆஃபர் லெட்டரைப் படித்தீர்களா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கோவைத் தம்பி: என் டீமில் ஒருவரை 30 நாளில் விட்டார்கள்.

வேளச்சேரி அக்கா: அவர் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருந்தாரா, கிளையன்ட் பில்லிங்கில் இருந்தாரா?

கோவைத் தம்பி: பெஞ்ச். அதனால் என்ன? 1 Month அப்படியேதான் இருக்கும்.

பழைய பெருங்களத்தூர்: ஜூன் 1.