கோடானின் ஒருபக்கச் சாய்வுக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் தேவை

ஆவாரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பாடம் இதுதான்: மனித மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துப் புரதம் எடுப்பது. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்க மூன்றெழுத்துக் கோடான்கள் ஆறு உண்டு. மனித மரபணுக்களில் ஆர்ஜினைன் வரும் இடங்களில் ஐந்தில் இரண்டு பங்கு AGA அல்லது AGG. ஈ. கோலையில் இவ்விரண்டும் சேர்ந்தாலும் நூற்றுக்கு ஆறைத் தாண்டுவது அரிது. அது பெரும்பாலும் CGT, CGC என்றே எழுதும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு ஒரு சொல் வேண்டும். மனித மரபணுவை ஈ. கோலையின் வழக்கத்துக்கு மாற்றி எழுதும் வேலைக்கு இன்னொன்று. இப்போதைக்கு 'கோடான் சார்பு', 'கோடான் உகப்பாக்கம்' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

எருக்கு எழுதியது:

சார்பு வேண்டாம் அம்மா. கணக்குப் பாடத்தில் y = f(x) வந்தாலே பிள்ளைகளுக்கு அது சார்பு. 'சாய்வு' என்று மாற்றலாம் என்றால் அதுவும் நேர்கோட்டின் சாய்வாகப் போய்விட்டது. நாங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டோம், மன்னிக்கவும்.

நொச்சி எழுதியது:

'கோடான் சார்பு' என்பதில் உள்ள வேடிக்கையை யாரும் பார்க்கவில்லையா? கோடுதல் என்றால் வளைதல், ஒருபக்கம் சாய்தல். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி." கோடான் என்றால் கோடாதவன், நடுவுநிலை தவறாதவன். நீங்கள் அச்சிடப் போவது 'நடுநிலையாளனின் ஒருதலைச் சார்பு'!

வள்ளுவர் அடுத்த குறளிலேயே சொல்லும் தந்துவிட்டார்: "சொற்கோட்டம் இல்லது செப்பம்." கோட்டம். மூன்றெழுத்துக் குறி என்பதால் முக்குறி. ஆக, முக்குறிக் கோட்டம். முடிந்தது.

எருக்கு எழுதியது:

ஐயா, கோட்டம் என்றால் எங்கள் ஊரில் மின்வாரியக் கோட்டம்.

தும்பை எழுதியது:

நான் மென்பொருள் ஆள். உகப்பாக்கம் என்பதை நிரல் வேகமாக ஓடச் செய்வதற்கு எழுதிவருகிறோம், அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு சந்தேகம். எழுத்தை மாற்றினால் புரதமும் மாறிவிடாதா? அது மரபணுத் திருத்தம் அல்லவா?

ஆவாரை எழுதியது:

மாறாது தம்பி. AGG இருந்த இடத்தில் CGT வைத்தாலும் அங்கே வருவது ஆர்ஜினைன்தான். மனிதரின் மரபணுவையும் யாரும் தொடுவதில்லை. அமினோ அமில வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கான டிஎன்ஏவை வேறு கோடான்களால் எழுதி, வேதிமுறையில் தொகுத்து வாங்குகிறோம்.

நொச்சி எழுதியது:

அப்படியானால் இது தொல்காப்பியர் சொன்னதேதான்! "ஒருபொருள் குறித்த வேறுசொல்" என்பது திரிசொல்லின் ஒரு வகை. ஒரு நிலத்துக்கு மட்டும் பழகிய சொல் திசைச்சொல். மனிதருக்கு இயற்சொல்லாக இருக்கும் AGG, ஈ. கோலைக்குத் திசைச்சொல். ஆகவே 'திசைக்குறி' என்ற சொல்லை முன்மொழிகிறேன். "தம்குறிப் பினவே திசைச்சொற் கிளவி" என்பதில் 'குறி' இருப்பதையும் கவனிக்க.

கொன்றை எழுதியது:

உவமை நன்றாக இருக்கிறது. ஆனால் திசைக்குறி என்றால் மாணவர்கள் வடக்கு தெற்கு என்று நினைப்பார்கள். நான் மேசையில் நின்று வேலை செய்கிறவன், நடப்பதைச் சொல்கிறேன்.

கைனேஸ் என்ற ஒரு மனித நொதியை ஈ. கோலையில் எடுக்க முயன்றோம். அதன் நடுவில் AGG AGG என்று இரண்டு அடுத்தடுத்து இருந்தது. AGG படித்து ஆர்ஜினைனைக் கொண்டுவரும் டிஆர்என்ஏ ஈ. கோலைக்குள் மிகக் குறைவு. புரதம் கட்டும் ரைபோசோம் அங்கே வந்து காத்து நிற்கும். காத்திருந்து ஓரெழுத்து நழுவினால் அதன் பிறகு எல்லாக் கோடானும் தப்பாகப் படிக்கப்படும், விரைவில் ஒரு நிறுத்தக் குறியில் முட்டும். இப்படி இரட்டை AGG வரும் இடத்தில் பாதி ரைபோசோம்கள் வரை நழுவுவதை 1988இலேயே காட்டிவிட்டார்கள். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எங்கள் ஜெல்லில் முழுநீளப் பட்டை மங்கல்; அதற்குக் கீழே, நழுவிய இடத்தோடு கணக்குப் பொருந்தும் அளவில், ஒரு குட்டைப் பட்டை.

அதைவிட மோசமானது ஜெல்லில் தெரியாதது. AGA இருக்கும் இடத்தில் சில வேளை ஆர்ஜினைனுக்குப் பதில் லைசின் ஏறிவிடும். நீளம் அதேதான், பட்டையும் அதே இடம்தான். புரதத்தின் நிறையைக் காட்டும் நிறைமாலையில் பார்த்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 28 டால்டன் குறையும். அங்கேதான் பிடிபடும்.

ஆகவே எனக்கு வேண்டியது வழக்கைக் காட்டும் சொல். 'கோடான் வழக்கு' என்றால் எது எவ்வளவு புழங்குகிறது என்பது. 'வழக்குச் சாய்வு' என்றால் அதன் ஏற்றத்தாழ்வு. கணக்கு வாத்தியார் மன்னிக்கட்டும்.

வேம்பு எழுதியது:

பெயரில் என்ன இருக்கிறது? வேலை எளிது. ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஈ. கோலை அதிகம் பயன்படுத்தும் கோடானை எல்லா இடத்திலும் போட்டுவிட்டால் விளைச்சல் உச்சத்துக்குப் போகும். அதனால் உகப்பாக்கம் சரியான சொல்.

கொன்றை எழுதியது:

பாதி சரி. அரிய கோடான்கள் கொத்தாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் 'முதல்தர'க் கோடானாக்கினால் உச்சம் வரும் என்பது தேறவில்லை. 2009இல் குட்லாவும் கூட்டாளிகளும் ஒரே பச்சை ஒளிர்புரதத்தை 154 விதமாக எழுதி ஈ. கோலையில் வைத்தார்கள். அமினோ அமிலம் ஒன்றுகூட மாறவில்லை. ஒளிர்வு 250 மடங்கு வரை வேறுபட்டது. கோடான்கள் எவ்வளவு வழக்கமானவை என்ற மதிப்பெண்ணோடு அந்த வேறுபாடு ஒத்துப்போகவில்லை. மரபணுவிலிருந்து நகலாகி ரைபோசோம் படிக்கும் எம்ஆர்என்ஏவின் தொடக்கப் பகுதி எவ்வளவு இறுக்கமாகத் தன்மேலேயே மடிகிறது என்பதுதான் பாதிக்கும் மேலான வேறுபாட்டை விளக்கியது. தொடக்கம் மடிந்துகிடந்தால் ரைபோசோம் ஏறவே முடியாது, அப்புறம் உள்ளே என்ன கோடான் இருந்தால் என்ன?

அதனால் முதல் பத்துப் பதினைந்து கோடான்களில் நான் பட்டியலைப் பார்ப்பதில்லை. A, T மிகுந்ததாக, மடியாததாக எழுதுவேன், அரியது ஒன்றிரண்டு வந்தாலும் பரவாயில்லை. உகப்பு என்றால் 'இதற்கு மேல் இல்லை' என்று பொருள். அப்படி ஒன்று கையில் இல்லாதபோது அந்தச் சொல் மாணவரை ஏமாற்றும். 'வழக்கிசைவு' என்று சொல்லலாம்.

வேம்பு எழுதியது:

மரபணுவே மாற்றாமல், அரிய டிஆர்என்ஏக்களைக் கூடுதலாகத் தரும் ரொசெட்டா வகைச் செல்லில் போடலாமே?

கொன்றை எழுதியது:

போடலாம், நாங்களும் முதலில் அதைத்தான் செய்தோம். முழுநீளப் பட்டை தெளிவானது. ஆனால் கிடைத்ததில் பெரும்பகுதி கரையாத கட்டியாகப் படிந்தது. சில இடங்களில் ரைபோசோம் மெதுவாகப் போவது புரதம் மடிய அவகாசம் தருகிறது என்பார்கள். எங்களுக்கு நடந்தது அதுவா, வெறுமனே அதிகம் உற்பத்தியானதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வளர்ப்பு வெப்பத்தை 18 டிகிரிக்குக் குறைத்ததும் ஓரளவு கரைந்தது.

நொச்சி எழுதியது:

அப்படியானால் மெதுவாகப் போவதற்கு 'தூங்கிசை'...

ஆவாரை எழுதியது:

ஐயா, அது அடுத்த பதிப்புக்கு. கோடான் வழக்குச் சாய்வு என்பதற்கு நான்கு பேர், முக்குறிக் கோட்டத்துக்கு ஒருவர். இரண்டாவது சொல்லில் கொன்றை சொல்வது நியாயம்தான், ஆனால் தொகுப்பு நிறுவனங்களுக்கு மாணவர்கள் எழுதும்போது பிறர் சொல்லும் சொல்லும் தெரிய வேண்டும். தலைப்பில் உகப்பாக்கம், உள்ளே 'வழக்கிசைவு என்றும் வழங்கலாம்' என்று ஒரு வரி.

எருக்கு எழுதியது:

சாய்வுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்யவும்.

நொச்சி எழுதியது:

முதலில் அந்தக் கோடானையாவது முக்குறி ஆக்குங்கள். கோடாதவன் எப்படி அம்மா சாய்வான்?