பொருள்: கதவுநிலையை வைத்து உயரம் கணிக்கும் கோட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

ந.க. எழுதியது:

கதவுக்கு முன்னால் நிற்பவரின் உயரத்தை ஒரே படத்திலிருந்து கணிக்கும் முறைக்கான கையேடு தமிழாகிறது. அதில் படத்துக்குக் குறுக்கே ஒரு கோடு வரைய வேண்டியிருக்கிறது. ஓவிய வகுப்பில் அதைத் தொடுவானக் கோடு என்பார்கள். அறைக்குள் எடுத்த படத்தில் வானத்துக்கு எங்கே போவது? ‘கண்மட்டம்’ என்று போட்டால், படிப்பவர் படத்தில் நிற்பவரின் கண் வழியாகவே கோடு போட்டுவிடுகிறார். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

ச.மு.:

கோடே எதற்கு? நிலையின் உயரம் 210 செ.மீ. என்று தெரிந்தால் போதுமே. நிலை எத்தனை பிக்சல், ஆள் எத்தனை பிக்சல் என்று அளந்து விகிதம் போடுங்கள். ‘ஒப்பளவு’ என்ற ஒரே சொல்லில் வேலை முடிந்தது.

இரா.:

ஆள் நிலையோடு ஒட்டி நின்றால் ச.மு. சொல்வது சரி. இரண்டடி முன்னால் வந்துவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். காமிராவிலிருந்து ஆள் 3 மீட்டர் தூரத்தில் நிற்கிறார், நிலை அவருக்கு 60 செ.மீ. பின்னால். படத்தில் நிலை 1050 பிக்சல், ஆள் 1045 பிக்சல். நேர் விகிதம் போட்டால் 209 செ.மீ. வருகிறது. உண்மையில் அவர் 174. கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதைத் தவிர இதில் மர்மம் ஒன்றுமில்லை.

சரி, அவர் தலை நிலையில் எந்த இடத்தை மறைக்கிறது என்று பார்த்தாலாவது? 185 என்று காட்டும். அதுவும் தப்பு.

இங்கேதான் கோடு வேண்டும். காமிரா லென்ஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, அதே உயரத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளும், கிட்டவோ தூரமோ, படத்தில் இந்தக் கோட்டின்மேல்தான் விழும். தரை ஓடுகளின் இணைகோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் இடம், அதாவது மறைபுள்ளி, இந்தக் கோட்டில் இருக்கும். கதவு பாதி திறந்திருந்தால் இன்னும் வசதி, அதன் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நீட்டினாலே போதும்.

மேற்சொன்ன படத்தில் கோடு, நிலையின் அடியிலிருந்து 600 பிக்சல் மேலே வெட்டுகிறது. ஆகவே லென்ஸின் உயரம் 210 × 600 ÷ 1050 = 120 செ.மீ. அதே கோடு ஆளின் பாதத்திலிருந்து 720 பிக்சல் மேலே போகிறது. அவர் உயரம் 120 × 1045 ÷ 720, அதாவது 174. அவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்றுகூடக் கேட்க வேண்டியதில்லை.

அதனால் என் பரிந்துரை ‘லென்ஸ் மட்டம்’. கொத்தனார் டியூபில் தண்ணீர் ஊற்றிச் சுவர் சுவராக மட்டம் குறிப்பார் அல்லவா, அதே வேலைதான் இது.

வே.:

எங்கள் பழைய வீட்டில் நிலைக்குக் கீழேயும் ஒரு கட்டை இருக்கிறது. தச்சர் 7 அடி நிலை என்றார். கதவை அளந்தால் அதைவிடக் குறைகிறது. கையேட்டில் எதைப் போடுவது?

இரா.:

படத்தில் எந்த இரண்டு விளிம்புகளுக்கு இடையே பிக்சல் எண்ணினீர்களோ, அவற்றுக்கு இடையே டேப் பிடித்த அளவு. கீழ்க்கட்டையின் மேலிருந்து எண்ணக் கூடாது, தரையிலிருந்து எண்ணுங்கள். 7 அடி என்பது 213.4 செ.மீ.; 210 அல்ல. அந்த வித்தியாசம் மட்டுமே ஆளின் உயரத்தில் கிட்டத்தட்ட 3 செ.மீ. கூட்டிவிடும். கோட்டையே 20 பிக்சல் மேலே தவறாக வரைந்தாலும் இந்தப் படத்தில் 1 செ.மீ. அளவுதான் மாறும். நிலையின் உயரம்தான் கழுத்தை அறுக்கும். பாதம் சோபாவுக்குப் பின்னால் மறைந்திருந்தால் இந்த முறையை விட்டுவிடுங்கள். செருப்பையும் தூக்கி வாரிய முடியையும் தனியாகக் கழிக்க வேண்டும்.

ந.க.:

‘லென்ஸ் மட்டம்’ பிடித்திருக்கிறது. மறைபுள்ளிகள் சேரும் கோடு என்பதால் ‘மறைகோடு’ எப்படி?

இரா.:

சுவருக்கும் கூரைச் சரிவுக்கும்கூடத் தனித்தனி மறைகோடுகள் உண்டு. நமக்கு வேண்டியது தரையுடையது மட்டும். ‘தரை மறைகோடு’ என்றால் சரியாக இருக்கும், ஆனால் நாக்கு இடறுகிறது.

ச.மு.:

ஒட்டி நிற்பவருக்கு மட்டும்தான் என் விகிதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காமிராவைச் சாய்த்துப் பிடித்தால் கோடும் படத்தில் சாய்ந்துவிடுமே. சாய்ந்து கிடப்பதை மட்டம் என்றால் கொத்தனார் சிரிப்பார்.

இரா.:

மட்டம் இடத்தில் இருக்கிறது, படத்தில் அல்ல. ஆனாலும் கேள்வி நியாயம்தான். காமிரா குனிந்து பார்க்கும் படத்தில் நிலையின் இரு கால்களும் கீழே குவியும். அப்போது மேலே போட்ட எளிய வகுத்தலும் செல்லாது, குறுக்கு விகிதத்துக்குப் போக வேண்டும். கூரையோரக் காமிராப் படங்களில் கோடு படத்துக்கு வெளியேகூடப் போய்விடும்.

ந.க.:

நேரான படங்களுக்கான அத்தியாயத்தில் ‘லென்ஸ் மட்டம்’ என்று போட்டுவிடுகிறேன். சாய்ந்த படங்களின் அத்தியாயத்துக்கு இன்னும் சொல் வேண்டும்.