புதுப்பிப்பு: பார்த்தவர் கணக்கு, கிளிக் செய்தவர் கணக்கு

முன்பு நான் கேட்டது: “பெங்களூரிலிருந்து இட்லிப் பொடி விற்கிறேன். 80 ஆர்டர்களில் 60 விளம்பரத்தால் வந்தவை என்கிறது அறிக்கை. நம்பலாமா?”

அதற்குப் பதில் சொன்ன ஜெயநகர் அக்காவின் யோசனைப்படி அறிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். கிளிக் செய்து 7 நாள்களுக்குள் வாங்கியவர்கள் 22 பேர்தான். மீதி 38 பேர் கிளிக் செய்யவே இல்லை. விளம்பரம் திரையில் வந்துபோன 24 மணி நேரத்துக்குள் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் 31 பேர், பொடியைக் கூடையில் போட்டுவிட்டுப் போனதால் விளம்பரம் மறுபடி காட்டப்பட்டவர்கள். வாங்க வந்தவருக்கு வாசலில் வணக்கம் சொல்லிவிட்டுக் கமிஷன் கேட்பதுபோல!

“பார்வைக் கணக்கையே தூக்கி எறியுங்கள்” என்றார் ஒருவர். பாதி சரி. புதியவர்களுக்கான காணொளி விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பலர் கிளிக் செய்யாமல், பிறகு பெயரைத் தேடி வருகிறார்கள்.

ஒயிட்ஃபீல்டில் மரச்சாமான் விற்கும் அண்ணன் தன் கதையைச் சொன்னார்: கிளிக் செய்தபின் வாங்குவதைக் கணக்கில் சேர்க்கும் காலத்தை 1 நாளாகச் சுருக்கியதும், விற்பனை குறையாமலேயே விளம்பரத்தின் பங்கு சரிந்ததாம். கட்டில் வாங்குபவர் வாரம் முழுக்க யோசிப்பார் அல்லவா?

இப்போது கூடைக்காரர்களில் பாதிப் பேருக்கு விளம்பரத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். இரு பாதியிலும் ஒரே விகிதத்தில் வாங்கினால் அந்தச் செலவை வெட்டிவிடுவேன். ஆர்டர்கள் குறைவு என்பதால் வித்தியாசம் தெளிவாகத் தெரிய நாளாகும்.