நிறுவனர் பங்குகளுக்கான ‘வெஸ்டிங்’: தமிழில் என்ன எழுதலாம்?

கவிதா, திருநகர்:
குழுவினருக்கு வணக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் மூன்று நண்பர்களுக்கு நிறுவனர் ஒப்பந்தம் எழுதுகிறேன். மூவரும் வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். மொத்தம் 10,000 பங்குகள், முகமதிப்பு 10 ரூபாய். மென்பொருள் எழுதுபவருக்கும் கடை கடையாக ஏறி இறங்குபவருக்கும் தலா 4,000. மாலையில் மட்டும் வந்து வரவு செலவைப் பார்ப்பவருக்கு 2,000. விலகினாலும் ஒருவர் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடிய பங்கு மாதாமாதம் கூடிவரும் வெஸ்டிங் காலம் 48 மாதங்கள், முதல் 12 மாதங்களுக்குள் விலகினால் ஒன்றும் கிடையாது. இதற்கு ‘முதிர்வு’ என்று போடலாமா?

இராமநாதன், அண்ணா நகர்:
தாராளமாகப் போடலாம். ஊழியர் பங்குத் திட்டங்களை மாணவர்களுக்கு விளக்கும்போது அப்படித்தான் சொல்லிவந்தேன். அந்தத் திட்டத்தையே இவர்களுக்கும் வைத்துவிட்டால் தனி ஒப்பந்தமே வேண்டியதில்லையே?

மீனாட்சி, பட்டயக் கணக்காளர்:
ஐயா, ஊழியரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. தொடக்கத்தில் அவர் கையில் பங்கு இல்லை. காலம் கனிந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற வாய்ப்புதான் இருக்கிறது. நிறுவனருக்கோ கம்பெனி பதிவான நாளிலேயே பங்குகள் அவர் பெயரில் ஏறிவிடுகின்றன, வாக்கும் அன்றே வந்துவிடுகிறது. மாதாமாதம் கூடுவது, விலகினாலும் தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடிய பங்குகளின் எண்ணிக்கை மட்டுமே. ஊழியர் பங்குத் திட்டத்தில் நிறுவனர்களைச் சேர்ப்பதும் பொதுவாக முடியாது. அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கவிதாவின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மென்பொருள் எழுதுபவர் 18ஆம் மாத முடிவில் பெங்களூரு வேலைக்குப் போகிறார். 4,000இல் 48க்கு 18 பங்கு, அதாவது 1,500 அவருக்கே. மீதி 2,500ஐ முகமதிப்பில் 25,000 ரூபாய் கொடுத்து மற்ற இருவரும் வாங்கிக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாடு இல்லையென்றால் 40 விழுக்காட்டோடு அவர் பெங்களூரில் இருப்பார். சிறப்புத் தீர்மானம் நிறைவேற, பதிவான வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். இங்கே இருப்பவர்களிடம் 60தான். அவர் எதிர்த்து வாக்களித்தால் கம்பெனியின் விதிகளில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. அவரிடம் 15 மட்டும் நின்றால் அந்தச் சிக்கல் இல்லை.

‘முதிர்வு’ என்றால் கெடு முடியும் நாளில் மொத்தமாகக் கைக்கு வருவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நான் ‘நிலைத்தல்’ என்பேன்: நிலைத்த பங்கு, நிலைக்காத பங்கு.

பாண்டி, செல்லூர்:
என் வழக்குக்கும் இது பொருந்துமா, மேடம்? பெரியப்பா மகனும் நானும் சேர்ந்து தறி போட்டோம். பத்திரம் எழுதவில்லை. பணம் அவருடையது, பகலும் இரவும் உழைப்பு என்னுடையது. பிரியும்போது இலாபத்தில் சரிபாதி கேட்டார். உழைப்புக்கு என்று ஒரு சொல் சட்டத்தில் இல்லையா?

மீனாட்சி:
உங்களுடையது கம்பெனி இல்லை, கூட்டாண்மை. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் இலாபம் சமபங்குதான், உழைத்ததற்குத் தனிச் சம்பளமும் கிடையாது. உங்கள் உழைப்புக்கு மாதம் இவ்வளவு என்று தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் அதை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பிரித்திருப்பீர்கள். வெஸ்டிங் இதற்கு உதவாது.

இராமநாதன்:
வேறுபாடு புரிகிறது, அம்மா. ஆனால் ‘நிலைத்த பங்கு’ என்றால் இனி கூடாது, குறையாது என்றும் பொருள் கொள்வார்களே. ‘உரித்தான பங்கு’ என்றால் என்ன?

மீனாட்சி:
உரித்தாகாதது என்றால் இன்னும் அவருடையது இல்லை என்றாகிவிடும். அந்தப் பங்குக்கும் அவர்தான் வாக்களிக்கிறார், ஈவுத்தொகையும் அவருக்குத்தான்.

கவிதா, எந்தச் சொல்லைப் போட்டாலும் இந்தப் பிரிவைக் கம்பெனியின் சங்க விதிகளிலும் சேர்த்துவிடுங்கள். விதிகளில் இல்லாத பங்கு மாற்றக் கட்டுப்பாடு கம்பெனியைக் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ஒரு குடும்பக் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டது.

கவிதா:
‘நிலைத்தல்’ வைத்து எழுதிப் பார்த்தேன்: “விலகும் நாளில் நிலைக்காத பங்குகளை மற்ற நிறுவனர்கள் முகமதிப்பில் வாங்கிக்கொள்ளலாம்.” மூவருக்கும் வாசித்துக் காட்டினேன், புரிந்தது. அந்த முதல் 12 மாதங்களுக்கு ‘தொடக்க வரம்பு’ என்று போட்டிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

சொல்லைவிடப் பெரிய கேள்வியை மென்பொருள் எழுதும் தம்பி கேட்டார்: “மற்ற இருவரும் சேர்ந்து 11ஆம் மாதத்தில் என்னை வெளியேற்றினால்?” வரைவின்படி அவருக்கு ஒரு பங்குகூட மிஞ்சாது. தானாக விலகுபவருக்கு மட்டும் தொடக்க வரம்பு, காரணமின்றி விலக்கப்பட்டவருக்கு மாதக் கணக்கில் 48க்கு 11 என்று திருத்தலாமா? அப்படியானால் காரணம் உண்டா, இல்லையா என்பதை யார் முடிவு செய்வது?

மீனாட்சி:
கட்டாயம் திருத்துங்கள். பணத்தைக் கையாடியது, மாதக்கணக்கில் வேலைக்கே வராதது என்று எவையெல்லாம் காரணம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முடிவு செய்யும் பொறுப்பை அந்த இருவரிடமும் விடக் கூடாது. மூவரும் இப்போதே ஒப்புக்கொள்ளும் வெளியாள் ஒருவர் வேண்டும். அவர்களின் ஆடிட்டர் என்ற முறையில் நான் அந்த இடத்தில் இருப்பது சரியாக இருக்காது.